வாடகைக்கும் பில்களுக்கும் ஆட்டோ டெபிட்: போடும் முறையும், பணம் குறைந்தால் நடப்பதும்

புதிதாக வீடு எடுத்து, வாடகை, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம் என்று எல்லாவற்றையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போடுவதற்கு அதிக நேரம் ஆகாது, வங்கியின் செயலியில் சில திரைகளைக் கடந்தால் முடிந்தது. ஆனால் யார் கையில் அதிகாரம் இருக்கிறது, எந்தத் தேதியில் கழிகிறது, அன்று காலை கணக்கில் எவ்வளவு இருக்கும் என்ற மூன்றையும் யோசிக்காமல் போட்டால், மாதம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தாராளமாகப் பணம் இருக்கும் ஒருவருக்குக்கூட வாடகை போகாமல் நிற்கும். பணமே இல்லாமல் டெபிட் தோற்பது ஒரு வகை. பணம் சில மணி நேரம் தாமதமாக வந்ததால் தோற்பது இன்னொரு வகை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதிகம் நடப்பது இரண்டாவதுதான் என்பது என் அபிப்பிராயம், அதனால் அதைப் பற்றியே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்புகிறீர்களா, அவர்கள் எடுக்கிறார்களா?

ஆட்டோ டெபிட் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, நிலையான உத்தரவு, அதாவது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். "ஒவ்வொரு மாதமும் இந்தத் தேதியில் இவ்வளவு பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பு" என்று உங்கள் வங்கிக்கு நீங்களே சொல்வது. தொகையும் தேதியும் உங்கள் கையில். வாங்குபவரால் ஒரு காசுகூட அதிகமாக எடுக்க முடியாது, நிறுத்துவதும் உங்கள் இஷ்டம்.

இரண்டு, மேண்டேட். இதில் மின்வாரியத்துக்கோ இணைய நிறுவனத்துக்கோ "என் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுமதி கொடுக்கிறீர்கள். பில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவை, நீங்கள் வைத்த உச்சவரம்புக்குள், அவர்கள் எடுக்கிறார்கள். மாதா மாதம் தொகை மாறும் பில்லுக்கு இதுதான் வசதி.

மூன்றாவதாக, நிறுவனத்தின் தளத்தில் கார்டு எண்ணைச் சேமித்து வைத்து அதிலிருந்து கழிப்பதும் உண்டு. வேலை செய்யும், ஆனால் கார்டு காலாவதியாகும் மாதத்திலும், தொலைந்து புதுக் கார்டு வாங்கும் மாதத்திலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் நின்றுவிடும். மின்சாரம், தண்ணீர் மாதிரியான அடிப்படைத் தேவைகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வங்கிக் கணக்கு எண் கார்டைப் போல இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவதில்லை.

வாடகைக்கு நிலையான உத்தரவு, மாறும் பில்களுக்கு மேண்டேட். இப்படிப் பிரித்துக்கொண்டால் போதும். வாடகை மாறாத தொகை, அதனால் வேறொருவர் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டை ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது, அவர்கள் மேண்டேட்தான் வேண்டும் என்கிறார்கள் என்றால் சரி, கொடுங்கள், ஆனால் உச்சவரம்பை வாடகைத் தொகைக்கே சரியாக வையுங்கள். பழுதுபார்ப்புச் செலவு, தாமதக் கட்டணம் என்று எதையாவது வாடகையோடு சேர்த்து எடுக்கப் பார்த்தால் அந்த டெபிட் நிராகரிக்கப்படும், அப்புறம் அவர்கள் உங்களிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஒப்பந்தத்திலேயே வேறு கட்டணங்களையும் சேர்த்து எடுக்கலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பழைய பில்களைப் பார்க்காமல் உச்சவரம்பு வைக்காதீர்கள்

மேண்டேட் படிவத்தில் உச்சவரம்பு என்ற கட்டம் இருக்கும். பலர் போன மாத பில்லைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அது சிக்கல். மின்சாரமும் எரிவாயுவும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். வரம்பு குறைவாக இருந்தால், கணக்கில் பணம் குவிந்து கிடந்தாலும் டெபிட் நடக்காது. நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் பில் கட்டாதவர்.

அதற்காக வரம்பை வானத்தில் வைப்பதும் சரியில்லை. ஏன் என்றால் மீட்டரை ஒவ்வொரு மாதமும் நேரில் வந்து குறிக்காத இடங்களில் உத்தேச பில் போடுவார்கள். நாலைந்து மாதம் குறைவாக உத்தேசித்துவிட்டு, ஒரு மாதம் உண்மையான அளவைக் குறித்ததும், விட்டுப்போன மொத்த யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே பில் வரும். வரம்பு தாராளமாக இருந்தால் அந்த மொத்தத் தொகையும் ஒரே நாளில் கழிந்து, அடுத்த நாள் போக வேண்டிய வாடகைக்குப் பணம் இல்லாமல் போகும். பில்லில் உத்தேச அளவு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீட்டர் எண்ணை நீங்களே படம் எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. தொகை சேர்ந்துகொண்டே போகாது.

கடந்த 12 மாத பில்களை எடுத்து, அதில் மிகப் பெரியதைவிடக் கால் பங்கு கூடுதலாக வரம்பு வைத்தால் பொதுவாகச் சரியாக இருக்கும். புது வீட்டுக்குப் பழைய பில் உங்களிடம் இருக்காது, வீட்டு உரிமையாளரிடமோ முன்பு இருந்தவரிடமோ கேட்டு வாங்குங்கள். சில நிறுவனங்கள் வருட மொத்தத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் ஒரே தொகையாக எடுக்கும் ஏற்பாடும் வைத்திருக்கின்றன. வருமானம் நிலையாக இருப்பவர்களுக்கு இது ரொம்பவே உதவும். ஆனால் வருடக் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது ஒரு பாக்கித் தொகை வரலாம், அது எந்த மாதம் வரும் என்று முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம்

தேதி எப்படிக் காலை வாருகிறது என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் புரியும். எந்த நாணயமாக இருந்தாலும் சரி, கணக்கு எளிதாக இருக்க ஒருவருடைய மாதச் சம்பளம் 1000 என்று வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி வருகிறது. வாடகை 400, அதுவும் 1ஆம் தேதி போகும்படி நிலையான உத்தரவு. மின்கட்டணம் வழக்கமாக 50 சுற்றி வரும், இணையத்துக்கு 30. இரண்டும் மேண்டேட், இரண்டும் 2ஆம் தேதி.

பல மாதம் இது நன்றாகவே ஓடும். பிறகு ஒரு மாதம் 1ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது. அன்று வங்கிக்கு விடுமுறை, அதனால் வாடகை உத்தரவு திங்கள் காலைக்குத் தள்ளிப் போகிறது. சம்பளமும் திங்கள்தான் வரும், ஆனால் அது வந்து சேர நண்பகல் ஆகிவிடும். வங்கிகளில் இந்தத் தானியங்கி டெபிட்கள் பெரும்பாலும் விடியற்காலையில் மொத்தமாக ஓடும். சம்பளம் வருவதற்கு முன்பே வாடகையும் இரண்டு பில்களும் கணக்கின் வாசலுக்கு வந்துவிடுகின்றன.

சனிக்கிழமை இரவு செயலியைத் திறந்தால் இருப்பு 440 என்று காட்டுகிறது. வாடகை 400தானே, போதும் என்று தோன்றும். ஆனால் அன்று மதியம் கார்டில் 60க்கு ஒரு பொருள் வாங்கியிருக்கிறார். அந்தத் தொகை இன்னும் கணக்கிலிருந்து கழியவில்லை, வங்கி அதைப் பிடித்து மட்டும் வைத்திருக்கிறது. அதனால் கணக்கு இருப்பு 440, பயன்படுத்தத்தக்க இருப்பு 380. செயலியில் பெரிய எழுத்தில் தெரிவது சில வங்கிகளில் முதல் எண், சில வங்கிகளில் இரண்டாவது எண். டெபிட் நடக்குமா நடக்காதா என்பதைப் பொதுவாக முடிவு செய்வது இரண்டாவது எண்தான். உங்கள் செயலியில் எது எது என்று இன்றே தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கள் விடியற்காலை. 400 வாடகைக்கு 380தான் இருக்கிறது, அது போகவில்லை. இருப்பதை அனுப்பிவிட்டு மீதியை அப்புறம் அனுப்பலாம் என்று வங்கி பார்க்காது, முழுத் தொகை இல்லையென்றால் மொத்தமும் நிற்கும். அடுத்து மின்கட்டணம், இந்த மாதம் வெயிலோ குளிரோ அதிகமாகி 90 வந்திருக்கிறது, கழிந்துவிட்டது. மீதி 290. இணையம் 30, கழிந்தது. மீதி 260. தோற்ற வாடகைக்காக வங்கி 10 கட்டணம் பிடித்துக்கொள்கிறது. மீதி 250. நண்பகலில் சம்பளம் வந்து 1250 ஆகிறது.

மாலையில் அவர் செயலியைத் திறக்கிறார். 1250 இருக்கிறது! எல்லாம் ஒழுங்காகப் போய்விட்டது, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது என்று தோன்றும். வாடகை ஒழுங்காகப் போயிருந்தால் 860தான் இருந்திருக்க வேண்டும். கூடுதலாகத் தெரியும் 390 என்பது போகாத வாடகையிலிருந்து வங்கிக் கட்டணத்தைக் கழித்த தொகை. டெபிட் தோற்றால் கணக்கு காலியாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் நடப்பது நேர்மாறு, கணக்கு வழக்கத்தைவிடச் செழிப்பாகத் தெரியும். அதனால்தான் பலருக்கு இது உடனே கண்ணில் படுவதில்லை.

அவர் அந்த 1250ல் 900 எடுத்துப் பழைய கடன் ஒன்றை அடைத்துவிடுகிறார். நல்ல காரியம்தான். 8ஆம் தேதி வீட்டு உரிமையாளரிடமிருந்து செய்தி வருகிறது, வாடகை வரவில்லை, ஒப்பந்தப்படி தாமதக் கட்டணம் 20 சேர்த்து 420 வேண்டும் என்று. கணக்கில் இருப்பது 350. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த ஒரு தேதி, எட்டாவது நாளில் 70 பற்றாக்குறையாகி நிற்கிறது. வாடகையையும் இரண்டு பில்களையும் சேர்த்தால் 520தான், அவருடைய மாத வருமானமோ 1000 என்பதைக் கவனியுங்கள்.

இதே காலையில் இன்னொரு வங்கி வேறு மாதிரி நடந்துகொள்ளும். 380 இருந்தாலும் வாடகையை அனுப்பிவிட்டுக் கணக்கை மைனஸ் 20க்குக் கொண்டுபோகும், அதுதான் ஓவர்டிராஃப்ட். அப்புறம் மின்கட்டணம் போய் மைனஸ் 110, இணையம் போய் மைனஸ் 140. வீட்டு உரிமையாளருக்குப் பணம் போய்விட்டது, அது நிம்மதி. ஆனால் சில வங்கிகள் மைனஸில் போன ஒவ்வொரு டெபிட்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் போடும், சில வங்கிகள் வட்டி மட்டும் போடும். மூன்றாவது வகை வங்கி, தோற்ற டெபிட்டை அதே நாள் பிற்பகலில் இன்னொரு முறை முயலும். சம்பளம் நண்பகலில் வந்துவிட்டதால் வாடகையும் போய்விடும், ஒன்றும் ஆகாது. உங்கள் வங்கி இந்த மூன்றில் எது என்று தெரியாமல் தேதி வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

எனவே கணக்கு வைத்திருக்கும் வங்கியிடம் கேட்க வேண்டியது இவ்வளவே: தானியங்கி டெபிட்கள் எத்தனை மணிக்கு ஓடுகின்றன, பணம் குறைந்தால் திருப்பி அனுப்புவீர்களா, மைனஸில் அனுப்புவீர்களா, அதே நாளில் மறுபடி முயல்வீர்களா, தேதி விடுமுறையில் விழுந்தால் முன்னே நகருமா பின்னே நகருமா. வாடிக்கையாளர் சேவையில் பேசுகிறவருக்கு உடனே தெரியவில்லை என்றால் கட்டண அட்டவணையையும் நிபந்தனைகளையும் அனுப்பச் சொல்லுங்கள், இந்த விவரமெல்லாம் அதில் இருக்கும்.

தேதியை எங்கே வைப்பது

சம்பளம் வரும் நாளுக்கும் முதல் டெபிட்டுக்கும் இடையில் மூன்று வேலை நாள் இடைவெளி வையுங்கள். வார இறுதியும் ஒரு விடுமுறையும் சேர்ந்து வந்தாலும் தாங்கும். பெரும்பாலான பில் நிறுவனங்கள் கேட்டால் டெபிட் தேதியை மாற்றித் தருகின்றன, கேட்பவர்கள்தான் குறைவு. வாடகைத் தேதியை மாற்ற வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அதை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் 1ஆம் தேதி என்று இருந்து நீங்கள் 5ஆம் தேதி அனுப்பிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு மாதமும் தாமதமாகக் கட்டியவர் என்ற பதிவு ஏறிக்கொண்டே போகும்.

உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அப்போது ஒரே வழிதான், இந்த மாதச் சம்பளத்திலிருந்து அடுத்த மாத வாடகையைக் கொடுக்கும் நிலைக்கு வர வேண்டும். ஒரு மாத வாடகையை முன்கூட்டியே சேர்த்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு சம்பளம் எத்தனை மணிக்கு வருகிறது என்ற கவலையே இல்லை. ஒரே மூச்சில் சேர்ப்பது கஷ்டம்தான், எட்டுப் பத்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அதுவரை வாடகையை மட்டும் ஆட்டோவில் போடாமல், சம்பளம் வந்ததைப் பார்த்துக் கையால் அனுப்புங்கள். ஆட்டோ டெபிட் போடாமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவாக இருக்கலாம். வருமானம் ஒழுங்கற்ற தேதிகளில் வருகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

படிவம் நிரப்புவதும் முதல் மாதமும்

நிலையான உத்தரவில் தொகை, தேதி, பெறுபவரின் கணக்கு விவரம் எல்லாம் சரியாகப் போட்டுவிடுவோம், குறிப்பு என்ற கட்டத்தைத்தான் விட்டுவிடுவோம். பல வீடுகள் வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஒரே நாளில் ஒரே தொகை பல பேரிடமிருந்து வரும். வீட்டு எண்ணையும் உங்கள் பெயரையும் குறிப்பில் போட்டுவிட்டால் "வரவே இல்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை. முடிவுத் தேதியையும் போடுங்கள், ஒப்பந்தம் முடியும் மாதத்தின் வாடகையோடு நிற்கும்படி. முடிவே இல்லாமல் போட்ட உத்தரவு நீங்கள் வீடு மாறிய பிறகும் பழைய உரிமையாளருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இருக்கும், நீங்களே அனுப்பிய பணம் என்பதால் வங்கி அதைத் தானாகத் திருப்பித் தராது.

மேண்டேட்டில் கணக்குப் பெயர் வங்கியில் இருப்பது போலவே இருக்க வேண்டும். முதலெழுத்து முன்னே பின்னே இருந்தாலே நிராகரிக்கும் இடங்கள் உண்டு. இணைப்பு எண் அல்லது நுகர்வோர் எண்ணைப் பழைய பில்லைப் பார்த்து ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஓர் இலக்கம் தவறினால் வேறு யாரோ ஒருவருடைய மின்கட்டணத்தை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள், உங்கள் வீட்டுக்குத் துண்டிப்பு அறிவிப்பு வரும்.

மேண்டேட் பதிவு செய்த உடனே அமலுக்கு வராது. வங்கி ஒப்புதல் கொடுக்கச் சில நாட்கள் ஆகும், சில இடங்களில் ஒரு பில் சுற்றே தாண்டிவிடும். நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் நிலை 'செயலில்' என்று மாறியதா என்று பாருங்கள். அதைவிட உறுதியான அடையாளம், அடுத்த பில்லிலேயே "இத்தொகை இந்தத் தேதியில் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும்" என்று அச்சாகி வருவது. அந்த வரி வரும் வரை கையால் கட்டுங்கள்.

அவசரத்துக்குக் கூடுதலாக எவ்வளவு வைப்பது

பில்களுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. அந்தக் கணக்கின் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது, அதிலிருந்து வேறு எதுவும் வாங்கக் கூடாது. மேலே பார்த்த 60 பிடித்தம் மாதிரியான விஷயங்கள் அந்தக் கணக்கில் நிகழவே நிகழாது. சம்பளம் வந்த இரண்டாவது வேலை நாளில், முதன்மைக் கணக்கிலிருந்து அதற்கு ஒரு தொகை போகும்படி வையுங்கள். வாடகையோடு, ஒவ்வொரு பில்லுக்கும் வருடத்தின் மிகப் பெரிய தொகையைக் கூட்டி வரும் எண்தான் அந்தத் தொகை. சராசரியைப் போடாதீர்கள். பெரிய பில் வராத மாதங்களில் மிஞ்சுவது அங்கேயே தங்கி, உத்தேச பில்லின் பாக்கி வரும் மாதத்தைத் தாங்கும்.

இதில் ஒரே ஒரு பலவீனம் உண்டு. இந்தப் பணமாற்றமே தோற்றால் பின்னால் வரும் அத்தனை டெபிட்டும் வரிசையாகத் தோற்கும். அதனால் அந்த நாளுக்கு மட்டும் கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வைத்து, பணம் வந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தத் தொகையை உங்கள் பணமாகவே எண்ணாதீர்கள்.

வங்கி எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை, குறைந்த இருப்பு எச்சரிக்கையைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வாடகையும் அடுத்த பெரிய பில்லும் சேர்ந்த தொகைக்குக் கீழே போனால் ஒலிக்கும்படி வையுங்கள். வாடகை தேதிக்கு மறுநாள் "போய்விட்டதா" என்று பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து, வாடகை வரியை உங்கள் கண்ணால் பாருங்கள். இருப்பைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

பணம் குறையப் போகிறது என்று தெரிந்தால்

டெபிட் நடப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தெரிந்துவிட்டால் உங்கள் கையில் வழிகள் இருக்கின்றன. பில் நிறுவனத்தைக் கூப்பிட்டு இந்த ஒரு மாத டெபிட்டை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லலாம், தவணையாகக் கேட்கலாம். வங்கியில் அந்த ஒரு டெபிட்டை மட்டும் நிறுத்தச் சொல்லலாம், மொத்த மேண்டேட்டையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் நேரக் கெடு உண்டு. அமெரிக்காவில் முன்கூட்டியே திட்டமிட்ட மின்னணு டெபிட்டை நிறுத்த மூன்று வேலை நாளுக்கு முன் வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் கார்டிலோ யூபிஐயிலோ போட்ட மின்-மேண்டேட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தி வந்ததும் பார்த்தால் ஒரு நாள் கிடைக்கும், பார்க்காமல் விட்டால் அதுவும் போச்சு.

டெபிட்டை நிறுத்துவதால் கடன் நிற்பதில்லை, இதை மறந்துவிடக் கூடாது. பில் அப்படியே நிற்கிறது, கட்டும் வழியை மட்டும்தான் மூடியிருக்கிறீர்கள். நிறுவனத்திடம் பேசாமல் வங்கியில் மட்டும் நிறுத்தினால் அவர்களுக்கு நீங்கள் பணம் கட்டாதவராகவே தெரிவீர்கள்.

இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால் எதை முதலில் காப்பது? என் கணிப்பில் வாடகைதான் முதல். வீட்டு ஒப்பந்தத்தில் ஏற்படும் கறையைத் துடைப்பது கடினம். மின்சார, தண்ணீர் நிறுவனங்கள் பொதுவாக அறிவிப்பும் அவகாசமும் கொடுத்த பிறகுதான் துண்டிக்கின்றன. ஏற்கெனவே பழைய பாக்கி இருந்து துண்டிப்பு அறிவிப்பு வந்துவிட்டது என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இணையம் கடைசி.

தோற்றுவிட்டது, இப்போது என்ன செய்வது

முதலில் காரணத்தைப் படியுங்கள். 'போதிய இருப்பு இல்லை' என்பது ஒன்று, 'வரம்பை மீறியது' வேறொன்று, 'மேண்டேட் செயலில் இல்லை' இன்னொன்று. இரண்டாவது வந்தால் கணக்கில் பணம் போட்டுப் பயனில்லை, வரம்பை உயர்த்த வேண்டும். மூன்றாவது வந்தால் புதிதாகப் பதிய வேண்டும்.

அடுத்தது, பதறிப்போய் உடனே கையால் கட்டிவிடாதீர்கள். நிலையான உத்தரவில் போக வேண்டிய வாடகை என்றால், வங்கி மறுபடி முயலாது என்று உறுதி செய்துகொண்டு அன்றே கையால் அனுப்பிவிட்டு, உரிமையாளருக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மேண்டேட்டில் எடுக்கும் பில் என்றால் கதை வேறு. நிறுவனங்கள் தோற்ற டெபிட்டைச் சில நாள் கழித்து மறுபடி அனுப்பும். அமெரிக்க வங்கிகளுக்கு இடையே மின்னணு டெபிட்கள் நடக்கும் ஏசிஎச் முறையில் இப்படி இன்னும் இரண்டு முறை வரை அனுப்ப விதி இடம் கொடுக்கிறது. நீங்கள் இன்று கையால் 90 கட்டியிருப்பீர்கள், வெள்ளிக்கிழமை அதே 90 மறுபடி கழியும், இந்த இரண்டாவது கழிவு உங்கள் அடுத்த பில்லைத் தோற்கடிக்கும். அல்லது நீங்கள் கட்டாமலே காத்திருக்க, இரண்டாவது முயற்சியும் பணமில்லாமல் தோற்று இன்னொரு முறை கட்டணம் விழும். அதனால் நிறுவனத்தைக் கூப்பிட்டு, "மறுபடி எடுக்கப் போகிறீர்களா, எந்தத் தேதியில், நான் இப்போது கட்டினால் அதை நிறுத்துவீர்களா" என்று கேட்டுவிட்டு, பதிலைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு அப்புறம் கட்டுங்கள்.

ஒரு டெபிட் தோற்றால் இரண்டு பக்கமும் கட்டணம் வரலாம், வங்கி ஒன்று, நிறுவனம் ஒன்று. முதல் தடவை என்றால் இரண்டு இடத்திலும் தள்ளுபடி கேளுங்கள். சம்பளம் அதே நாளில் வந்திருப்பதைக் காட்டிப் பணிவாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கேட்காமல் கிடைக்காது. தொடர்ந்து தோற்பதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நிறுவனங்கள் இரண்டு மூன்று தோல்விக்குப் பிறகு மேண்டேட்டையே நீக்கிவிடும், நீங்களோ இன்னும் தானாகக் கழிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்தியாவில் இருப்பு இல்லாமல் மின்னணு டெபிட் திரும்புவது, 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ், காசோலை திரும்புவதைப் போலவே வழக்குத் தொடரக்கூடிய குற்றம். வழக்கு வரை போவதற்கு முன் எழுத்தில் அறிவிப்பு அனுப்பிப் பணம் கட்ட அவகாசம் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அப்படி ஒரு கடிதம் வந்தால் ஓரமாக வைக்காதீர்கள்.

நிறுவனம் தவறான தொகையை எடுத்துவிட்டால், திருப்பி வாங்கும் உரிமை எந்த முறையில் மேண்டேட் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் யூரோ கணக்குகளுக்கான மேண்டேட் முறையான செபா டைரக்ட் டெபிட்டில் தனிநபர்கள் 8 வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அனுமதியே இல்லாமல் எடுத்தது என்றால் 13 மாதம் வரை. பிரிட்டனில் தவறாக எடுத்த தொகையை வங்கியே திருப்பித் தரும் என்ற டைரக்ட் டெபிட் உத்தரவாதம் இருக்கிறது. வேறு இடங்களில் முதலில் நிறுவனத்திடம்தான் போராட வேண்டியிருக்கலாம். பதிவு செய்யும்போது காட்டும் நிபந்தனைப் பக்கத்தில் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள்.

வீடு மாறும்போது

வாடகை உத்தரவை வங்கியில் ரத்து செய்யுங்கள், கடைசி வாடகை போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகு. பில் வரும் இணைப்புகளை முதலில் நிறுவனத்தில் மூடச் சொல்லி, இறுதி மீட்டர் அளவைத் தேதியோடு படம் எடுத்துக் கொடுத்து, இறுதி பில் வந்து அது கழியும் வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் வங்கியில் மேண்டேட்டை ரத்து செய்ய வேண்டும். அவசரப்பட்டு முன்னமே ரத்து செய்தால் இறுதி பில் நிராகரிக்கப்பட்டு, நீங்கள் விட்டுப்போன முகவரிக்கு நினைவூட்டல் கடிதங்கள் போய்க்கொண்டிருக்கும். புது முகவரியை நிறுவனத்திடம் கொடுத்து வையுங்கள். பில்களுக்கென்று வைத்த தனி வங்கிக் கணக்கை மூடுவதாக இருந்தால், இறுதி பில் கழிந்த பிறகும் ஒரு முழு மாதம் சும்மா திறந்து வைத்திருந்து, வேறு எதுவும் அதில் வந்து மோதவில்லை என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.